கத்தி வெட்டும் அட்டைக் கடியும்: இரத்தம் எப்படி உறைகிறது, பொருக்கு ஏன் கட்டுகிறது?

(தோட்டக் கமிட்டியின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னிடம் கேட்டிருப்பது காயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று. நம்முடைய கைகளை நீட்டிப் பார்த்தாலே போதும், பேச விஷயம் இருக்கிறது. கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு, வாதுக் குச்சி கீறிய கோடு, அட்டை கடித்த கறுப்புப் புள்ளி, எல்லாம் அதிலே இருக்கும். ஆனால் வெட்டுப்பட்ட இடத்தில் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது, அடுத்த பத்து நாளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், நாம் செய்கிற சில காரியங்களை நாமே விட்டுவிடுவோம். அதற்காகத்தான் பேசுகிறேன்.

ஓர் ஆளை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கவ்வாத்து வெட்டுகிற ஒரு தம்பி. காலை பத்து மணி. வாது ஈரமாக இருந்ததால் கத்தி வழுக்கி, இடது கை ஆட்காட்டி விரலின் அடியில் ஓர் அங்குல நீளத்துக்கு வெட்டிவிட்டது. ஆழம் அதிகமில்லை, தோலும் அதன் கீழே கொஞ்சம் சதையும்தான். இரத்தம் பீறிட்டு அடிக்கவில்லை, கருஞ்சிவப்பாக ஊறி வழிகிறது. இந்தத் தம்பியின் விரலுக்குள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் நடப்பது சில விநாடிக்குள் நடக்கிறது. அறுந்த சிறு இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்குகின்றன. தண்ணீர்க் குழாயை விரலால் நசுக்கினால் ஓட்டம் குறைவது மாதிரி. இது இரத்தத்தை நிறுத்தாது, அடுத்து வருகிறவர்களுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கும்.

அடுத்து வருகிறவை இரத்தச் சிறுதட்டுகள். நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றோடு மிகச் சிறிய தட்டு மாதிரியான துண்டுகளும் மிதக்கின்றன. ஒரு சொட்டு இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு கோடி இருக்கும். எலும்பு மச்சையில் உண்டாகிப் பத்து நாள் வரை இரத்தத்தில் சுற்றிவிட்டு அழிந்துபோகும், அதற்குள் புதியவை வந்துவிடும். குழாயின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும்வரை அவை எதிலும் ஒட்டுவதில்லை. குழாய் அறுந்தவுடன் அதன் சுவருக்குக் கீழே இருக்கும் நார் வெளியே தெரிகிறது. அந்த நாரைத் தொட்ட சிறுதட்டு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. தட்டு வடிவம் மாறி, கை கால் நீட்டியது போலப் பரவுகிறது. தன்னிடமிருந்து சில இரசாயனங்களை வெளியே விடுகிறது. அதை உணர்ந்து பக்கத்தில் போகிற மற்றச் சிறுதட்டுகளும் வந்து அதன்மேல் ஒட்டுகின்றன. கொஞ்ச நேரத்தில் ஓட்டையில் ஒரு தற்காலிக அடைப்பு உண்டாகிவிடும்.

இந்த அடைப்பு பலமில்லாதது. நம் தோட்டத்துக் கான் மழையில் உடைந்தால் என்ன செய்கிறோம்? முதலில் கையில் கிடைத்த கல்லைப் போடுகிறோம். கல் மட்டும் நிற்காது, தண்ணீர் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குமேல் குச்சியும் கொடியும் வைத்துப் பின்ன வேண்டும். பிறகு மண் வந்து அதில் தங்கும். சிறுதட்டுகள் அந்தக் கல். பின்னல் இனிமேல்தான் வருகிறது.

அந்தப் பின்னலுக்கு வேண்டிய நூல் நம் இரத்தத்திலேயே கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் பைபிரினோஜன். ஈரல் உண்டாக்குகிற ஒரு புரதம். சீனி தண்ணீரில் கரைந்திருப்பது போலக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அது எப்போது நூலாகும்? இரத்தக் குழாய்க்கு வெளியே இருக்கும் சதையில், சாதாரணமாக இரத்தம் தொடாத ஒரு பொருள் இருக்கிறது. வெட்டுப்பட்டவுடன் இரத்தம் அதைத் தொடுகிறது. தொட்டதும் இரத்தத்தில் இருக்கும் சில புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. ஒன்று பலவற்றை எழுப்பும், அவை இன்னும் பலவற்றை எழுப்பும். இதற்குக் கல்சியமும் வேண்டும். அந்தப் புரதங்களில் சிலவற்றை ஈரல் சரியாகச் செய்ய கீரையில் இருக்கும் கே விற்றமின் வேண்டும். கடைசியில் துரோம்பின் என்ற ஒன்று உண்டாகிறது. அதுதான் முக்கியமான ஆள். துரோம்பின் பைபிரினோஜனின் முனைகளை நறுக்கிவிடுகிறது. நறுக்கப்பட்டவை ஒன்றோடொன்று ஒட்டி நீள நூலாகின்றன. அந்த நூலுக்குப் பைபிரின் என்று பெயர். அது சிறுதட்டு அடைப்பின்மேலும் நடுவிலும் வலையாகப் பின்னிக்கொள்கிறது. அந்த வலையில் சிவப்பு அணுக்கள் மாட்டிக்கொள்கின்றன. அதனால்தான் உறைந்த இரத்தம் சிவப்பாக, ஆட்டு இரத்தக் கட்டி மாதிரி இருக்கிறது.

நம் தம்பியின் விரல் மாதிரியான காயத்தில், அழுத்திப் பிடித்தால் இதெல்லாம் பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கேதான் நாம் செய்கிற முதல் தப்பு வருகிறது. இரண்டு நிமிடம் பிடித்துவிட்டு, நின்றுவிட்டதா என்று துணியை எடுத்துப் பார்க்கிறோம். அப்போதுதான் பின்னத் தொடங்கிய வலை துணியோடு பிய்ந்து வருகிறது. திரும்ப முதலிலிருந்து. மூன்று தடவை பார்த்தால் மூன்று தடவை தொடக்கம். ஆகவே சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் பார்க்க வேண்டாம். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் அதற்குமேல் இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

பத்து நிமிடம் பலமாக அழுத்தியும் நிற்காவிட்டாலோ, இரத்தம் நாடித் துடிப்போடு சேர்ந்து பீறிட்டு அடித்தாலோ, காயம் வாய் பிளந்து நின்றாலோ, விரலை மடக்க முடியாவிட்டாலோ, விரல் நுனி மரத்துப் போனாலோ அது வீட்டு வைத்தியத்துக்கான காயமல்ல. பீறிட்டு அடிக்கும் குழாயில் இருக்கும் அழுத்தம், வலை பின்ன விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்திய கையை எடுக்காமலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது தப்பு, காயத்தில் எதையாவது அப்புவது. கோப்பித் தூள், தேயிலைத் தூள், சுண்ணாம்பு, புகையிலை, சிலந்தி வலை. பெரியவர்கள் செய்ததுதான், கையில் வேறொன்றும் இல்லாத காலத்தில் செய்தார்கள். தூளைப் போட்டால் இரத்தம் அதில் ஊறி நின்றது போலத் தெரியும். உள்ளே நடப்பது என்ன? தூளும் தூசும் அதிலுள்ள கிருமியும் வலைக்குள்ளே பின்னப்பட்டுவிடுகின்றன. பிறகு டிஸ்பென்சரியில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், திரும்ப இரத்தம் வரும். சுண்ணாம்பு உயிருள்ள சதையையே சுடும். நம் இரத்தத்திலேயே கல்லும் நூலும் இருக்கும்போது வெளியிலிருந்து மண் கொண்டுவந்து போட வேண்டியதில்லை.

இப்போது ஓர் அக்கா போன கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "கத்தி வெட்டினா கொஞ்ச நேரத்தில நிக்குது. அட்டை கடிச்சது சின்னப் புள்ளிதான், அது மட்டும் ஏன் நிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இப்போது சொன்னதெல்லாம் சரியா என்று சோதிக்கவும் அந்தக் கேள்வி உதவும்.

அட்டைக்கு நம் இரத்தம் உறைந்தால் சாப்பாடு இல்லை. அதனால் அது கடிக்கும்போதே தன் உமிழ்நீரைக் காயத்துக்குள் விடுகிறது. அந்த உமிழ்நீரில் இரத்தத்தை உறைய விடாத பொருள்கள் இருக்கின்றன. வைத்தியத்துக்குப் பயன்படுத்திய குளத்து அட்டையில் இப்படி ஒன்று இருப்பதை ஜோன் ஹேக்ராஃப்ட் என்ற விஞ்ஞானி 1884இல் கண்டுபிடித்தார். பிறகு அதற்கு ஹிருடின் என்று பெயர் வைத்தார்கள். அது செய்வது ஒரே வேலை: துரோம்பினைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. துரோம்பின் கட்டுப்பட்டால் பைபிரினோஜனை நறுக்க ஆளில்லை. நூல் இல்லை, வலை இல்லை. ஆசியக் காடுகளில் இருக்கும் தரை அட்டைகளிலும் இதே வேலையைச் செய்யும் பொருள் இருக்கிறது. அட்டை விழுந்த பிறகும் அந்த உமிழ்நீர் காயத்திலேயே தங்கிவிடுகிறது. ஊறி வரும் இரத்தம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி வெளியேற்றும்வரை, சில வேளை மணிக்கணக்கில், கசிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பயப்பட வேண்டாம். காலுறை முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தாலும் மழைத் தண்ணீரோடு சேர்ந்து அப்படித் தெரிகிறது, போன இரத்தம் கொஞ்சம்தான். அட்டையை நெருப்பால் சுட வேண்டாம், பிய்த்து இழுக்கவும் வேண்டாம். சுடும்போது அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கக்கூடும். நகத்தை அதன் வாய்க்குக் கீழே சறுக்கிவிட்டுத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணி வைத்துக் கட்டுங்கள். கடித்த இடம் அரிக்கும், அழுக்கு நகத்தால் சொறிந்தால் புண்ணாகும். அட்டைக் கடியில் நாம் கவனிக்க வேண்டியது பெரும்பாலும் இந்தச் சொறிதல்தான்.

அட்டை செய்வதைப் போல மருந்தும் செய்யும். இருதய வருத்தத்துக்கு அஸ்பிரின், குளோபிடோக்ரெல், வாபரின் எடுக்கிற பெரியவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். முதல் இரண்டும் சிறுதட்டுகளை ஒட்ட விடாது. மூன்றாவது ஈரல் செய்யும் உறைவுப் புரதங்களைக் குறைக்கும். அவர்களுக்குச் சின்னக் காயமும் அதிக நேரம் கசியும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், நிற்காவிட்டால் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரி, நம் தம்பியிடம் திரும்புவோம். இரத்தம் நின்றுவிட்டது. ஓடும் சுத்தத் தண்ணீரில் மெதுவாக மண்ணைக் கழுவினான், சுற்றிலும் சவர்க்காரம் போட்டான். இனி அடுத்த சில மணி நேரத்தில் அந்த உறைந்த வலை சுருங்கத் தொடங்கும். சிறுதட்டுகள் நூல்களைப் பிடித்து இழுக்கின்றன. காயத்தின் இரண்டு ஓரமும் கொஞ்சம் நெருங்கி வரும். வலைக்குள் இருந்த மஞ்சள் நிறத் தெளிநீர் வெளியே கசியும். அது சீழ் அல்ல. காற்றுப் பட்ட மேல்பாகம் காய்ந்து கெட்டியாகிக் கருஞ்சிவப்பாக மாறும். அதைத்தான் நாம் பொருக்கு என்கிறோம், சிலர் பக்கு என்பார்கள். ஆக, பொருக்கு என்பது புதிய தோல் அல்ல. காய்ந்துபோன அதே வலைதான். அது மூடி. குணமாகிற வேலை அந்த மூடிக்குக் கீழே நடக்கிறது.

முதல் நாளிலேயே வெள்ளை அணுக்கள் அங்கே வந்து கிருமிகளை விழுங்குகின்றன. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் ஓரம் கொஞ்சம் சிவந்து, சூடாகி, வலிக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வேறு வகைப் பெரிய வெள்ளை அணுக்கள் செத்த குப்பையைச் சுத்தம் பண்ணுகின்றன. இதற்கிடையில் காயத்தின் ஓரத்துத் தோல் அணுக்கள் நகரத் தொடங்கிவிடும். இரண்டு பக்கமிருந்தும் பொருக்குக்குக் கீழே புகுந்து, காய்ந்த பாகத்தையும் உயிருள்ள சதையையும் பிரித்துக்கொண்டே நடுவை நோக்கிப் போகின்றன. வலையின் கீழ்ப்பாகத்தை உடம்பே கரைத்து வழி விடுகிறது. நடுவில் இரண்டு பக்கமும் சந்தித்துவிட்டால் பொருக்குக்குப் பிடிமானம் இல்லை. ஒன்று இரண்டு வாரத்தில் தானாக விழும். கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் இருக்கும்.

இப்போது தெரிகிறதா, பொருக்கை ஏன் பிய்க்கக் கூடாது என்று? ஐந்தாம் நாள் அரிக்கிறது என்று பிள்ளைகள் பிய்க்கிறார்கள். ஓரத்தில் பிரிந்திருந்தாலும் நடுவில் இன்னும் ஒட்டியிருக்கும். பிய்த்தால் நாலு நாளாக நகர்ந்து வந்த புதுத் தோலும் அதோடு வரும். திரும்ப இரத்தம், திரும்ப வலை, திரும்பப் பொருக்கு. தழும்பும் பெரிதாகும். அரிப்பு ஆறுகிற காயத்தில் வருவதுதான், மேலே துணியோடு மெதுவாகத் தட்டிக்கொடுத்தால் போதும்.

இங்கே இன்னொரு விஷயம். காயத்தைக் காற்றுப்பட விட்டுக் காயவைத்தால்தான் சீக்கிரம் ஆறும் என்று நாம் நம்புகிறோம். இங்கிலாந்தில் ஜோர்ஜ் வின்டர் என்பவர் இதைப் பன்றிக் குட்டிகளில் சோதித்து 1962இல் வெளியிட்டார். மேலாக உண்டாக்கிய காயங்களில் சிலவற்றைக் காற்றுப்பட விட்டார், அவற்றில் பொருக்குக் கட்டியது. மற்றவற்றை மெல்லிய பொலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காயாமல் வைத்தார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காரணம் இலகுவானது. காய்ந்த பொருக்கு இருந்தால் தோல் அணுக்கள் அதற்குக் கீழே பள்ளம் தோண்டிப் போக வேண்டும். ஈரப்பசை இருந்தால் மேலாகவே வழுக்கிப் போய்விடும். அதனால்தான் இப்போது சுத்தம் பண்ணிய சின்னக் காயத்தில் கொஞ்சம் வசலீன் தடவி, பிளாஸ்டரோ கோஸ் துணியோ வைத்து மூடச் சொல்கிறார்கள். நாள்தோறும் மாற்ற வேண்டும். ஆனால் இது சுத்தமான ஈரப்பசைக்குத்தான் பொருந்தும். மழையில் நனைந்த பிளாஸ்டரோடு மாலைவரை கொழுந்து பறித்தால் தோல் வெள்ளையாக ஊறிப்போகும், அழுக்குத் தண்ணீரும் உள்ளே போகும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஏற்கெனவே கட்டிய பொருக்கை ஈரமாக்குவதற்காகப் பிய்க்கவும் வேண்டாம்.

பொருக்கு நல்ல மூடிதான், ஆனால் கீழே அழுக்கு இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். எப்படித் தெரிந்துகொள்வது? சாதாரணக் காயத்தில் மூன்றாம் நாளுக்குப் பிறகு வலியும் சிவப்பும் குறைந்துகொண்டு வர வேண்டும். மாறாகச் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், விண்விண்ணென்று தெறித்தால், பொருக்கின் ஓரத்தில் கெட்டியான மஞ்சள் சீழோ நாற்றமோ வந்தால் உள்ளே கிருமி பெருகுகிறது. காயத்திலிருந்து கையில் சிவப்புக் கோடு ஏறினாலும், அக்குளில் கட்டி வந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காயம் மெதுவாக ஆறும், காலில் வலியே தெரியாமலும் போகலாம். அவர்கள் இந்த அடையாளங்களுக்குக் காத்திருக்காமல் முதலிலேயே காட்ட வேண்டும்.

மண் பட்ட காயம் என்றால் ஏற்புவலி ஊசியையும் நினைக்க வேண்டும். அந்தக் கிருமியின் விதை மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, காற்றுப் புகாத ஆழமான காயத்தில் வளர்கிறது. மேலே அழகாகப் பொருக்குக் கட்டியிருந்தாலும் அதைத் தடுக்காது. கடைசி ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, எப்போது போட்டது என்று நினைவில்லாவிட்டாலோ டிஸ்பென்சரியில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பத்தாம் பன்னிரண்டாம் நாள் தம்பியின் பொருக்கு விழுந்தது. பார்ப்பவர்கள் காயம் ஆறிவிட்டது என்பார்கள். தோல் மூடிவிட்டது, அது உண்மை. ஆனால் கீழே நார்கள் இன்னும் பின்னப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மூன்று வாரத்தில் அந்த இடத்தின் பலம் பழைய தோலின் ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மாதங்கள் போன பிறகும் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வராது. பொருக்கு விழுந்த மறுநாளே அதே விரலில் கத்திப்பிடி அழுந்தினால் பிளக்கிறது என்றால் அதற்குக் காரணம் தம்பியின் சோம்பல் அல்ல, உடம்பின் கணக்கு. ஆழமாக வெட்டுப்பட்டவருக்குச் சில வாரம் வேறு வேலை கொடுங்கள் என்று நம் தலைவர்மார் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லிப் பேசலாம். மலைக்கு ஒரு முதலுதவிப் பெட்டி கேட்கும்போதும் பட்டியல் நீளமாக வேண்டாம்: சுத்தமான கோஸ் துணி, பிளாஸ்டர், சவர்க்காரம், ஒரு போத்தல் நல்ல தண்ணீர். மற்றதை இரத்தமே கொண்டுவரும்.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.